ரீச் டு ஆபீஸ், என்டர் இன்டு த ரூம், எம்ஃபசைஸ் ஆன்: எதை வெட்டணும், எதை விடணும்?

மேலூர்க்காரன்

வணக்கம். சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் பண்ற ஆபீஸ்ல வெளியூர் பார்ட்டிகளுக்கு இங்கிலீஷ்ல மெயில் எழுதுற வேலை எனக்கு. போன வாரம் நான் எழுதின குறிப்பு இதுதான். படிக்க வசதியா தமிழ் எழுத்துலயே போடுறேன்:

"ஐ ரீச்ட் டு த ஆபீஸ் அட் நைன் தர்ட்டி. வென் ஐ என்டர்ட் இன்டு த மீட்டிங் ரூம், தே வேர் டிஸ்கஸிங் அபௌட் த லேட் டெலிவரி. த மேனேஜர் எம்ஃபசைஸ்ட் ஆன் த பேக்கிங் அண்ட் ரெக்வெஸ்டட் ஃபார் எ ரிப்போர்ட். ஐ வில் ரிப்ளை டு ஹிம் ஆன் மண்டே ஆஃப்டர் லிசனிங் டு த பயர்ஸ் கம்ப்ளைன்ட்."

ஆபீஸ்ல எனக்கு மேல இருக்கிறவர் ரீச்ட், என்டர்ட், டிஸ்கஸிங், எம்ஃபசைஸ்ட், ரெக்வெஸ்டட் அஞ்சையும் சுழிச்சு, "தேவையில்லாத ப்ரெபோசிஷன்"னு மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். சரின்னு நான் எல்லாத்தையும் எடுத்துட்டேன். கடைசி வரி "ரிப்ளை ஹிம்", "லிசனிங் த கம்ப்ளைன்ட்"னு ஆயிருச்சு. இப்ப அதையும் சுழிச்சிருக்கார். எதுக்கு வேணும், எதுக்கு வேணாம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பருத்திப்பால்

தம்பி, இது ரொம்ப சாதாரணம். ரிட்டர்ன் பேக், ரிவர்ட் பேக், ரிப்பீட் அகெய்ன் எல்லாம் தப்பு. ரிட்டர்ன்லயே திரும்பங்கிற அர்த்தம் இருக்கு, பேக் எதுக்கு? அதே மாதிரி கோப் அப் வித்னு எழுதாதீங்க, கோப் வித் போதும்.

தல்லாகுளம் டீச்சர்

பருத்திப்பால் சார், நீங்க சொன்னது வேற வியாதி. ரிட்டர்ன் பேக்குல பேக் என்பது ப்ரெபோசிஷன் இல்லை. அது சொன்னதையே திரும்பச் சொல்ற சொல், நடுச் சென்டர்னு சொல்ற மாதிரி. ரீச் டு-வுல இருக்கிற டு அப்படி இல்லை. அதை எடுக்கணும்னு சொல்றதுக்குக் காரணம், வினைக்கும் அதுக்குப் பின்னால வர்ற பெயர்ச்சொல்லுக்கும் நடுவுல ஆள் தேவையில்லைங்கிறதுதான்.

தம்பி, நம்ம பள்ளிக்கூடத்துத் தமிழ் இலக்கணத்திலேயே செயப்படுபொருள் குன்றா வினை, குன்றிய வினைன்னு படிச்சிருப்பீங்க. இங்கிலீஷ்ல ரீச், என்டர், டிஸ்கஸ், எம்ஃபசைஸ், ரெக்வெஸ்ட் எல்லாம் குன்றா வினை. பொருளை நேராக் கையில பிடிச்சுக்கும். ரிப்ளை, லிசன் ரெண்டும் பொருளை நேராப் பிடிக்காது. நடுவுல டு நின்னாத்தான் பிடிக்கும். அதனால வெட்டு அஞ்சு இடத்துல, விடுறது ரெண்டு இடத்துல.

ஆனா இதை மட்டும் சொன்னா உங்க கேள்விக்குப் பதில் ஆகாது. எது குன்றா வினைன்னு எப்படித் தெரியும்னுதானே கேட்கிறீங்க? அதுக்கு, அந்த வேண்டாத சொல் எங்கேருந்து வந்து ஒட்டிக்கிச்சுன்னு பார்க்கணும். உங்க அஞ்சு தப்புலயும் அதை யாரும் புதுசாக் கண்டுபிடிக்கலை. பக்கத்து வீட்டுலேருந்து வந்ததுதான்.

கெட் டு த ஆபீஸ் சரி. அந்த டு ரீச்சுக்கு வந்திருச்சு.
கோ இன்டு த ரூம் சரி. அந்த இன்டு என்டருக்கு வந்திருச்சு.
டாக் அபௌட் த டெலிவரி சரி. அந்த அபௌட் டிஸ்கஸுக்கு வந்திருச்சு.
ஆஸ்க் ஃபார் எ ரிப்போர்ட் சரி. அந்த ஃபார் ரெக்வெஸ்டுக்கு வந்திருச்சு.

எளிய வினைக்கு நீங்க ப்ரெபோசிஷனைச் சரியாத்தான் போடுறீங்க. அதே அர்த்தம் உள்ள கனமான வினைக்கு மாறும்போது பழைய ப்ரெபோசிஷனையும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறீங்க. கோளாறு அந்த மாற்றத்துல இருக்கு.

கீழவாசல்

டீச்சர் சொன்னதுக்கு மேல ஒண்ணு. நான் தமிழ் படிச்சவன். இதுக்கு நம்ம வேற்றுமை உருபே போதும். ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தேன்னு நினைக்கிறதாலதான் "கு" உருபு டு ஆகுது. ஆபீசை அடைந்தேன்னு நினைச்சுப் பாருங்க. இரண்டாம் வேற்றுமை வந்திருச்சு, இங்கிலீஷ்ல ப்ரெபோசிஷன் வேணாம். அவ்வளவுதான் சூத்திரம்.

பிரச்சினையைப் பற்றிப் பேசினோம் என்றால் டாக் அபௌட். பிரச்சினையை விவாதித்தோம் என்றால் டிஸ்கஸ், வெறுமனே. அறிக்கையைக் கோரினார், ரெக்வெஸ்ட். தரத்தை வலியுறுத்தினார், எம்ஃபசைஸ். வழக்கை விசாரித்தார், இன்வெஸ்டிகேட். தந்தையை ஒத்திருக்கிறான், ரிசெம்பிள். அவரை அணுகினேன், அப்ரோச். அவரைத் தொடர்புகொண்டேன், கான்டாக்ட். அவளை மணந்தான், மேரி. எங்கெல்லாம் "ஐ" வருதோ அங்கெல்லாம் ப்ரெபோசிஷன் கிடையாது.

திருமங்கலம்_பேங்க்எக்ஸாம்

அய்யோ சூப்பர் அண்ணே! எரர் ஸ்பாட்டிங்க்கு இது ஒண்ணே போதும். ரிசெம்பிள் டு, மேரி வித், இன்வெஸ்டிகேட் இன்டு எல்லாம் மாடல் பேப்பர்ல திரும்பத் திரும்ப வருது. இதை நோட்டுல எழுதிக்கிறேன்.

தல்லாகுளம் டீச்சர்

எழுதிக்கோம்மா, ஆனா பென்சிலால எழுது.

கீழவாசல் சாரோட யோசனை அழகா இருக்கு, பாதி தூரம் கொண்டு போகும். மீதிப் பாதியில கவிழ்த்துவிடும். பாட்டைக் கேட்டேன். "ஐ" வருதில்ல? ஆனா லிசன் டு வேணும். மேலூர்த் தம்பி தடுக்கி விழுந்தது இதே பள்ளத்துலதான். படத்தைப் பார், லுக் அட் வேணும். அவரை நம்பியிருக்கிறேன், டிபென்ட் ஆன் வேணும்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. அறைக்குள் நுழைந்தான்னுதான் தமிழ்ல சொல்லணும், அறையை நுழைந்தான்னு யாரும் சொல்றதில்லை. இங்கிலீஷ்ல என்டர் த ரூம்தான். கேள்விக்குப் பதில் சொன்னாள், "கு" உருபு. இங்கிலீஷ்ல ஆன்சர் த கொஸ்டின். கூட்டத்துக்குப் போனேன், கூட்டத்தில் கலந்துகொண்டேன், ரெண்டுலயும் "ஐ" இல்லை. இங்கிலீஷ்ல அட்டெண்ட் த மீட்டிங், வெறுமனே.

ஆக, தப்பு ஏன் வருதுங்கிறதுக்கு உருபு ஒரு நல்ல விளக்கம். எது சரின்னு தீர்மானிக்கிற தராசா அதை வெச்சா எடை தப்பும்.

கீழவாசல்

கேள், பார் இரண்டும் எனக்குத் தோணலை, ஒத்துக்கிறேன். ஆனா விதிவிலக்கு இல்லாத சூத்திரம் ஏது? பத்துக்கு ஏழு வந்தா போதும்னுதான் சொல்றேன்.

தல்லாகுளம் டீச்சர்

மெயில் எழுதுறப்ப அந்த மூணுதான் சார் சிவப்பு மையில நிக்கும்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? எம்ஃபசைஸ் ஆன் உங்க கணக்குல சிக்காது. தமிழ்ல "தரத்தை வலியுறுத்தினார்"னு சுத்தமா "ஐ"தான் இருக்கு. "தரத்தின் மேல் வலியுறுத்தினார்"னு யாரும் பேசுறதில்லை. அப்ப ஆன் எங்கேருந்து வந்துச்சு? தமிழ் மேல பழி போட முடியாது. அது இங்கிலீஷோட சொந்தப் பெயர்ச்சொல்லுலேருந்து வந்தது. எம்ஃபசிஸ் ஆன் த பேக்கிங் என்பது சரி, அங்க எம்ஃபசிஸ் பெயர்ச்சொல். வினையா மாத்தினதும் ஆன் போயிரணும். போகாம ஒட்டிக்குது. இன்சிஸ்ட் ஆன், ஃபோகஸ் ஆன்னு பக்கத்துல ரெண்டு பேர் ஆனோட நிக்கிறதும் அதுக்குத் துணை.

இந்த வகை பெரிய கூட்டம். பெயர்ச்சொல்லா இருந்தா ப்ரெபோசிஷன் வேணும், வினையா இருந்தா வேணாம்:

எ டிஸ்கஷன் அபௌட் த டெலிவரி, ஆனா டிஸ்கஸ் த டெலிவரி.
எ ரெக்வெஸ்ட் ஃபார் லீவ், ஆனா ரெக்வெஸ்ட் லீவ்.
அன் இன்வெஸ்டிகேஷன் இன்டு த லாஸ், ஆனா இன்வெஸ்டிகேட் த லாஸ்.
எ லாக் ஆஃப் ஸ்டாஃப், ஆனா வீ லாக் ஸ்டாஃப்.
அன் ஆன்சர் டு த கொஸ்டின், ஆனா ஆன்சர் த கொஸ்டின்.

ரெக்வெஸ்ட், லாக், ஆன்சர் இதுலயெல்லாம் பெயருக்கும் வினைக்கும் ஒரே உருவம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால முன்னால எ, த, மை, யுவர் மாதிரி ஏதாவது நிக்குதான்னு பாருங்க. யுவர் ரெக்வெஸ்ட் ஃபார் லீவ் என்றால் பெயர், ஃபார் இருக்கட்டும். ஐ ரெக்வெஸ்டட் ஃபார் லீவ் என்றால் வினை, ஃபார் போகட்டும்.

மேலூர்க்காரன்

டீச்சர், இது புரிஞ்சது. அப்ப வினையா பெயரான்னு பார்க்கணும். வினைன்னா அது குன்றா வினையான்னு பார்க்கணும். ரெண்டாவதுக்கு என்ன சோதனை?

தல்லாகுளம் டீச்சர்

செயப்பாட்டு வினையாத் திருப்பிப் பாருங்க. "த லேட் டெலிவரி வாஸ் டிஸ்கஸ்ட்." அபௌட் இல்லாமலே நிக்குது. நாம எல்லாருமே அப்படித்தான் எழுதுறோம். "வாஸ் டிஸ்கஸ்ட் அபௌட்"னு எழுதக் கை வராது. "பேக்கிங் வாஸ் எம்ஃபசைஸ்ட்", "எ ரிப்போர்ட் வாஸ் ரெக்வெஸ்டட்", இதுலயும் வால் இல்லை. இப்ப லிசனை வெச்சுப் பாருங்க. "த கம்ப்ளைன்ட் வாஸ் லிசன்ட்"னு நிறுத்தினா அரைகுறையாத் தொங்குது, "லிசன்ட் டு"ன்னு முடிச்சாத்தான் உட்காருது. செயப்பாட்டுல வால் தேவைப்படாத வினைக்கு நேர் வாக்கியத்துலயும் வால் வேணாம்.

இந்தச் சோதனை ஏன் வேலை செய்யுதுன்னா, செயப்பாட்டு வாக்கியத்தை நாம பேச்சுலேருந்து எடுக்கிறதில்லை. மினிட்ஸ், சர்க்குலர், பேப்பர் இதெல்லாம் படிச்சுத்தான் எடுக்கிறோம். அதனால அதுல தமிழ் வாடை குறைவு, காது சரியாச் சொல்லும்.

இதுக்கும் எல்லை உண்டு. ரிசெம்பிள், லாக் ரெண்டும் செயப்பாட்டுக்கு வராது. "ஹிஸ் ஃபாதர் இஸ் ரிசெம்பிள்ட் பை ஹிம்"னு யாரும் எழுத மாட்டாங்க. மேரியில இன்னொரு குழி இருக்கு. ஷீ மேரீட் ஹிம் என்றால் கல்யாணம் நடந்த நிகழ்ச்சி, டு வேணாம். ஷீ இஸ் மேரீட் டு ஹிம் என்றால் இப்ப இருக்கிற நிலை, டு வேணும். வித் ரெண்டுலயும் ஆகாது.

சந்தேகம் தீரலைன்னா கற்போருக்கான அகராதியைத் திறங்க. அர்த்தத்தைப் பார்க்காதீங்க, அமைப்பைக் காட்டுற வரியைப் பாருங்க. டிஸ்கஸுக்கு நேர் "சம்திங்"னும், அப்புறம் "வித் சம்படி"னும் போட்டிருப்பான். ரிப்ளைக்கு "டு சம்படி"ன்னு போட்டிருப்பான். நமக்கு வேணுங்கிறது அந்த ஒரு வரிதான்.

பெரியார்_பஸ்நிலையம்

மெயில் சரிபார்க்கிறதுதான் என் வேலை, அதனால இயந்திர வழி ஒண்ணு சொல்றேன். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தேடல் போட்டா பெரும்பாலான தப்பு சிக்கிரும். லிப்ரே ஆபீஸ் ரைட்டர்ல Ctrl+H அழுத்தி, Other options-ஐ விரிச்சு Regular expressions-ஐ டிக் பண்ணுங்க. தேடுற கட்டத்துல இதைப் போட்டு Find All:

```
\b(reach|enter|discuss|emphasi[sz])\w* (to|into|about|on)\b
```

சிக்கினது எல்லாம் கலர்ல நிக்கும். Replace All மட்டும் தொடாதீங்க. ஏன்னு சொல்றேன்.

அந்த \w* இருக்கிறதால டிஸ்கஷன் அபௌட், எம்ஃபசிஸ் ஆன் ரெண்டும் சேர்ந்து சிக்கும். டீச்சர் சொன்ன மாதிரி அது பெயர்ச்சொல், அது சரி. அடுத்து, "வீ ரீச்ட் ஆன் டைம்" சிக்கும். அந்த ஆன், டைமோட ஆளு, ரீச்சோட ஆளு இல்லை. "டிஸ்கஸ்ட் அபௌட் ட்வென்டி ஆர்டர்ஸ்" சிக்கும். அங்க அபௌட்னா சுமார், எடுத்தா கணக்கே மாறிரும். கடைசியா "என்டர்ட் இன்டு அன் அக்ரிமென்ட்". அது சரியான பிரயோகம், இன்டுவை எடுத்தா ஒப்பந்தத்துக்குள்ள கதவைத் திறந்துட்டுப் போன மாதிரி இருக்கும்.

பெயர்ச்சொல்லை ஒதுக்கணும்னா வினை வடிவங்களை மட்டும் எழுதிடலாம்:

```
\b(reach(ed|es|ing)?|enter(ed|s|ing)?|discuss(ed|es|ing)?|emphasi[sz](e|ed|es|ing)) (to|into|about|on)\b
```

ரெக்வெஸ்டை வேணும்னேதான் விட்டேன். அதுல பெயரும் வினையும் ஒண்ணு, கண்ணுதான் பார்க்கணும்.

இதுல சிக்காத தப்பும் உண்டு. "டிஸ்கஸ்ட் வித் த மேனேஜர் அபௌட் த லீவ்"ல வினைக்கும் அபௌட்டுக்கும் நடுவுல ஆள் உட்கார்ந்திருக்கு. "த பாயின்ட்ஸ் வீ டிஸ்கஸ்ட் எஸ்டர்டே அபௌட்"லயும் அப்படித்தான்.

தல்லாகுளம் டீச்சர்

அந்த டிஸ்கஸ் வித் வாக்கியத்தை வெறும் வெட்டு சரிபண்ணாதுங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும். அபௌட்டை மட்டும் எடுத்தா "டிஸ்கஸ்ட் வித் த மேனேஜர் த லீவ்"னு கோணிக்கும். பொருளை வினைக்கு ஒட்டிக் கொண்டுவாங்க, ஆளைப் பின்னால தள்ளுங்க: "டிஸ்கஸ்ட் த லீவ் வித் த மேனேஜர்."

என்டர் இன்டுவுக்கு ஒரு வரி. அறை, ஊர், கட்டடம்னு கால் வெச்சுப் போற இடத்துக்கு என்டர் மட்டும். ஒப்பந்தம், பேச்சுவார்த்தைன்னு கால் வைக்க முடியாத ஏற்பாட்டுக்கு என்டர் இன்டு. "என்டர் த டேட்டா இன்டு த ஷீட்"லயும் இன்டு சரி. ஏன்னா அங்க என்டருக்குப் பொருள் டேட்டா, ஷீட் இல்லை. கையில ஒரு பொருளை ஏற்கெனவே பிடிச்சாச்சு. இடத்தைச் சொல்லத் தனி ஆள் வேணும்.

உசிலை_ஓரம்

இவ்வளவு மல்லுக்கட்டு எதுக்குங்கிறேன். டிஸ்கஸ் அபௌட் நம்ம நாட்டுல மட்டுமா இருக்கு? சிங்கப்பூர்லயும் நைஜீரியாவுலயும் அப்படித்தான் பேசுறாங்க. இத்தனை பேர் சொல்றதைத் தப்புன்னு சொல்ல யாரு இவங்க? இந்திய இங்கிலீஷ்னு ஒண்ணு இருக்கு, அதுல இது சரி. அர்த்தம் யாருக்காவது புரியாமப் போச்சா?

சர்ச்_வீதி

உசிலை அண்ணே சொல்றதுல விஷயம் இருக்கு. 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல மத்தேயு 6:6-ஐப் பாருங்க. ஜெபம் பண்றப்ப அறைக்குள்ள போன்னு வர்ற இடத்துல "என்டர் இன்டு தை க்ளாசெட்"னே இருக்கு. அறைதான், ஒப்பந்தம் இல்லை. அப்ப அது தப்பா?

தல்லாகுளம் டீச்சர்

நல்ல இடத்தைக் காட்டினீங்க. அன்னிக்கு அது வழக்கம். இன்னிக்கு அறைக்கு அது வழக்கம் இல்லை. தை, தௌ எல்லாமும் அதே பக்கத்துல இருக்கு, அதை நாம மெயில்ல எழுதுறதில்லையே. என்டர் இன்டுவை மொழிக்கே ஆகாத பிழைன்னு நான் சொல்லலை, காலாவதி ஆனதுன்னு சொல்றேன். டிஸ்கஸ் அபௌட் கதை வேற, அது டாக் அபௌட்கிட்டேருந்து வந்தது.

உசிலை சார், பேச்சுல நானும் யாரையும் திருத்துறதில்லை. ஆனா மேலூர்த் தம்பி எழுதுறது வெளியூர் பார்ட்டிக்கு, திருமங்கலத்துப் பொண்ணு எழுதுறது பரீட்சை. பேப்பர் திருத்துறவங்க வகைமொழி ஆராய்ச்சி பண்ண மாட்டாங்க.

உசிலை_ஓரம்

பரீட்சைக்குச் சரி. ஆனா பிழைங்கிற வார்த்தையை நான் ஒத்துக்கலை. வழக்குன்னு சொல்லுங்க.

கீழவாசல்

உசிலை பக்கம் நான். திரிசொல்லும் திசைச்சொல்லும் நம்ம இலக்கணத்துல சொல்லாத்தானே நிக்குது.

திருமங்கலம்_பேங்க்எக்ஸாம்

டீச்சர், ரெண்டு சந்தேகம். கம்ப்ரைஸ் ஆஃப் தப்புன்னு ஒரு புக்குல இருக்கு. ஆனா இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்னு பேப்பர்ல படிக்கிறேன். அப்புறம் அட்டெண்ட் டு எப்பவுமே தப்பா?

தல்லாகுளம் டீச்சர்

"த டீம் கம்ப்ரைசஸ் ஃபைவ் மெம்பர்ஸ்", இதுல ஆஃப் கூடாது. அந்த ஆஃப் கன்சிஸ்ட் ஆஃப் கிட்டேருந்து வந்தது. இஸ் கம்ப்ரைஸ்ட் ஆஃப்ங்கிறது இங்கிலீஷ்காரங்களுக்குள்ளேயே தீராத சண்டை. நிறையப் பேர் எழுதுறாங்க, நிறையப் பேர் முகம் சுளிக்கிறாங்க. பரீட்சையில அது வந்தா தப்புன்னு எடுத்துக்கோ. எழுதுறப்ப கன்சிஸ்ட்ஸ் ஆஃப்னு எழுதித் தப்பிச்சுக்கோ.

அட்டெண்ட் த மீட்டிங் என்றால் கூட்டத்துல இருந்தேன். அட்டெண்ட் டு த கஸ்டமர் என்றால் வாடிக்கையாளரைக் கவனிச்சேன். ரெண்டும் சரி, அர்த்தம் வேற. இந்த மாதிரி ஜோடிகள்தான் உன்னை மாட்டிவிடும். சர்ச் த பேக் என்றால் பைக்குள்ள துழாவினேன், சர்ச் ஃபார் த பேக் என்றால் பையையே தேடினேன். ஆன்சர் த மேனேஜர் என்றால் பதில் சொன்னேன், ஆன்சர் டு த மேனேஜர் என்றால் அவருக்குக் கட்டுப்பட்டவன். ரீச் டு-வுக்கும் ஒரு நியாயமான இடம் இருக்கு. கயிறு தரை வரைக்கும் எட்டுதுன்னா "த ரோப் ரீச்சஸ் டு த க்ரவுண்ட்"னு எழுதலாம். அது போய்ச் சேர்றது இல்லை, நீளம்.

ப்ரெபோசிஷனை எடுத்ததும் வேற அர்த்தம் வருதுன்னா, அது வேண்டாத சொல் இல்லை.

பருத்திப்பால்

எனக்கு ஒண்ணு இடிக்குது. "ரீச் ஆயிட்டியா?"ன்னு நம்ம எல்லாரும் போன்ல கேக்குறோம். "ஐ ரீச்ட்"னு மெசேஜ் போடுறோம். அதுல டு இல்லை, அட் இல்லை. அப்ப அது சரிதானே?

தல்லாகுளம் டீச்சர்

இப்பத்தான் சார் சரியான இடத்துக்கு வந்தீங்க! குன்றா வினைக்கு ரெண்டு குணம். நடுவுல ஆளைச் சேர்க்காது, பொதுவாப் பொருள் இல்லாம நிக்கவும் நிக்காது. "ஐ ரீச்ட்"ல ப்ரெபோசிஷன் தப்பு இல்லை, பொருளே காணோம். எதை ரீச் பண்ணீங்க? "ஐ ஹேவ் ரீச்ட் மதுரை"ன்னு சொல்லணும், இல்லாட்டி "ஐ ஹேவ் அரைவ்ட்"னு வினையை மாத்தணும். அரைவுக்குப் பொருள் வேணாம். இடம் சொன்னா மட்டும் அட் அல்லது இன் வேணும். "லெட் அஸ் டிஸ்கஸ் ஆன் மண்டே"யும் இதே கேஸ். ஆனை வெட்டினா போதாது, அது கிழமையோட ஆளு. நடுவுல இட் போடுங்க: "லெட் அஸ் டிஸ்கஸ் இட் ஆன் மண்டே."

ஹோம், ஹியர், தேர் மூணும் தனிச் சாதி. ரீச் ஹோம், கோ ஹோம், கம் ஹியர். கோவுக்கு வழக்கமா டு வேணும், ஆனா இந்த மூணுக்கு முன்னால வேணாம். இங்க வினையைப் பார்த்துப் பயனில்லை, பின்னால வர்ற சொல்லைத்தான் பார்க்கணும்.

பெரியார்_பஸ்நிலையம்

"ரீச்ட் அட் மதுரை"யும் நிறைய வருது. என் தேடல் வரியில அட் இல்லை. on-க்குப் பக்கத்துல |at சேர்த்துக்கோங்க. ஆனா "ரீச்ட் அட் நைன் தர்ட்டி"யும் சிக்கும். அங்க அட் நேரத்தோட ஆளு, ஆனா டீச்சர் சொன்ன மாதிரி இடம் விட்டுப்போயிருக்கும். அதனால நின்னு பார்க்கிறது நல்லதுதான்.

மேலூர்க்காரன்

எல்லாத்தையும் வெச்சு இப்படி எழுதியிருக்கேன், பாருங்க:

"ஐ ரீச்ட் த ஆபீஸ் அட் நைன் தர்ட்டி. வென் ஐ என்டர்ட் த மீட்டிங் ரூம், தே வேர் டிஸ்கஸிங் த லேட் டெலிவரி. த மேனேஜர் எம்ஃபசைஸ்ட் த பேக்கிங் அண்ட் ரெக்வெஸ்டட் எ ரிப்போர்ட். ஐ வில் ரிப்ளை டு ஹிம் ஆன் மண்டே ஆஃப்டர் லிசனிங் டு த பயர்ஸ் கம்ப்ளைன்ட். ஐ வில் ஆல்சோ இன்ஃபார்ம் டு த ட்ரான்ஸ்போர்ட் பீப்பிள்."

கடைசி வரி புதுசு.

கீழவாசல்

தம்பி, "அவர்களிடம் தெரிவிப்பேன்". ஏழாம் வேற்றுமை, "ஐ" இல்லை. அப்ப டு இருக்கலாம்னு...

தல்லாகுளம் டீச்சர்

சார், அங்கேயே நிறுத்துங்க! தே வில் பி இன்ஃபார்ம்ட். வால் இல்லாம நிக்குது பாருங்க. "இன்ஃபார்ம் த ட்ரான்ஸ்போர்ட் பீப்பிள்"தான். டெல்லும் அப்படி, டெல் ஹிம். அந்த டு, சே டு ஹிம்கிட்டேருந்து வந்தது. ஆனா எக்ஸ்ப்ளெயினுக்கு டு வேணும், எக்ஸ்ப்ளெயின் இட் டு ஹிம். "எக்ஸ்ப்ளெயின் மீ"ன்னு எழுதிடாதீங்க.

மத்தபடி முதல் நாலு வாக்கியமும் சுத்தம். "எம்ஃபசைஸ்ட் த பேக்கிங்"னா பேக்கிங்ல எதைன்னு படிக்கிறவங்க கேட்பாங்க. "எம்ஃபசைஸ்ட் தட் த பேக்கிங் மஸ்ட் பி வாட்டர்ப்ரூஃப்"னு முழுசாச் சொல்லிட்டா ஆன் போடணும்கிற ஆசையே வராது.

உசிலை_ஓரம்

மேல இருக்கிறவர் ரெண்டாவது தடவை சுழிச்சுத் தந்த குறிப்புல அவர் என்ன எழுதியிருந்தார்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு தம்பி. எனக்கென்னமோ அதுலயும் ஒண்ணு இருக்கும்னு தோணுது.

மேலூர்க்காரன்

பார்த்தேன் அண்ணே. "ப்ளீஸ் டிஸ்கஸ் வித் மீ அபௌட் திஸ்"னு முடிச்சிருக்கார்.